நரசிங்கம்பேட்டையில் தேடிய பரிசு

கேள்வி: அண்ணனுடன் சண்டை போட்டுப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏதாவது பரிசு வாங்கிக்கொண்டு நேரில் போகலாம் என்று நினைக்கிறேன். என்ன வாங்கலாம்? யாருக்காவது இப்படி அனுபவம் உண்டா?

எனக்கு உண்டு. நானும் அண்ணனும் ஒன்பது வருஷம் பேசவில்லை.

எங்கள் அப்பா நாகஸ்வரம் வாசிக்கிற நாயனக்காரர். அண்ணனும் அதே வழி. நான் படித்து வேலைக்குப் போனவன். அப்பாவின் காரியம் முடிந்து வீட்டைப் பங்கு பிரிக்கும் பேச்சு வந்தபோது வார்த்தை தடித்து, பெரியவர்கள் அத்தனை பேர் முன்னாலும் "நீ ஊதிச் சம்பாதிக்கிறது சீவாளிக்கே பத்தாது" என்று சொல்லிவிட்டேன். சீவாளி என்றால் நாயனத்தின் நுனியில் செருகி ஊதுகிற சின்ன நாணல் துண்டு. அண்ணன் பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார். தப்பு என்னுடையதுதான்.

போன வருஷம் சமாதானம் ஆகவேண்டும் என்று முடிவு செய்ததும் பட்டு வேட்டி, வாட்ச் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். எதை எடுத்தாலும் பணக்காரத் தம்பி கொடுக்கிற மாதிரியே இருந்தது. கடைசியில் புது நாயனமே வாங்கிவிடலாம் என்று ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிற நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்கு ரங்கநாத ஆசாரி, நீளமும் தாழ்ந்த சுருதியும் உள்ள பாரி நாயனம் செய்துகொடுத்த ஊர். 2022இல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பட்டறையில் இருந்த பெரியவர் முதலில் கேட்டது "எத்தனை கட்டை சுருதி?" எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவன், அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவன், ஆனாலும் தெரியவில்லை. அவர் கோபப்படாமல் உட்காரவைத்துச் சொன்னார். உலவு என்கிற நீளக் குழலைக் கடைய ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற தூண், உத்தரம் மாதிரி பல வருஷம் காய்ந்து எண்ணெய் வற்றிய மரம்தான் ஆகும். பச்சை மரத்தில் கடைந்தால் பின்னால் வெடிக்கும், சுருதியும் நிற்காது. அப்படிச் செய்ததைக்கூட வாசிக்கிறவர் வந்து ஊதிப் பார்த்து, அடியில் இருக்கிற துளைகளை மெழுகால் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். அடுத்தவருக்காக வாங்கிப் போகிற பொருள் இல்லை.

"அண்ணனுக்குக் கொடுக்கணும்னா சீவாளி வாங்கிக் கொடுங்க தம்பி. எந்த வித்வானுக்கும் நல்ல சீவாளி போதும்னு இருந்ததே இல்லை."

எனக்கு உடம்பு கூசியது. எதைச் சொல்லி அவமானப்படுத்தினேனோ அதையே கொண்டுபோய்க் கொடுத்தால் குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்கமாட்டாரா? ஒரு வாரம் யோசித்தேன். அப்புறம், சொன்ன வார்த்தையைத் தொடாமல் சுற்றிப் போய்ப் பிரயோஜனம் இல்லை என்று பட்டது.

சீவாளி செய்கிறவர்கள் பக்கத்திலேயே திருவாவடுதுறையில் இருக்கிறார்கள். நாணல் தட்டையை வெட்டிக் காயவைத்து, நெல் அவிக்கும்போது கூடப் போட்டு அவித்து, மறுபடி காயவைத்து, அப்புறம்தான் சீவி நூல் கட்டுகிறார்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இரண்டு உதடும் ஒரே கனமாகத் தெரியவேண்டும், நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு பக்கம் சாயக்கூடாது, நுனியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தள்ளிவிடவேண்டும். இவ்வளவு பார்த்தாலும் வாசிக்கிறவருடைய வாய்க்குச் சேருமா என்பது ஊதினால்தான் தெரியும். அதனால், அண்ணன் ஊதிக் கழித்த சீவாளி ஒன்று மாதிரிக்குக் கொண்டுவரச் சொன்னார் அங்கே செய்கிறவர்.

அண்ணனுக்குத் தவில் வாசிக்கிற மாமாவிடம் போய் நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய், தேய்ந்த சீவாளி ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். திருவாவடுதுறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெட்டியா ஊதுறவர், கொஞ்சம் கனமாகவே விடணும்" என்றார். இரண்டு மாசம் கழித்துப் பத்து சீவாளி கட்டிக் கொடுத்தார்.

கோயிலில் சாயரட்சை முடியும்வரை காத்திருந்து டப்பாவை நீட்டினேன். "அன்னிக்குச் சொன்னது தப்புண்ணே." அதற்குமேல் எனக்கு வரவில்லை. அண்ணன் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்து, தனியாக ஊதிப் பார்த்தார். கீழே வைத்தார். அடுத்தது. பத்தையும் அப்படியே பார்த்து, நான்கை மட்டும் நாயனத்தில் தொங்குகிற கயிற்றில், ஊசிக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டார்.

"இதெல்லாம் ஆகும். மத்ததை இன்னும் கொஞ்சம் சீவணும்" என்றார். நாயனத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அடுத்த தடவை போறப்ப சொல்லு, நானும் வரேன். வாசிக்கிறவன் இல்லாம சீவாளி வாங்கக்கூடாதுடா" என்றார்.

தை பிறந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து போய்வந்தோம்.