சேர்ந்த தேதியிலிருந்து அப்ரைசல் வரை: எச்.ஆர். மாட்யூல் கேள்வி பதில்

குன்னூரில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடமாகக் கம்பெனிகளுக்கு எச்.ஆர். மாட்யூல் அமைத்துக் கொடுக்கிறேன். ரிசார்ட், தேயிலை பேக்கிங், சாக்லேட் யூனிட் என்று, 40 பேரில் தொடங்கி 150 பேரைத் தாண்டும் இடங்கள்தான் அதிகம். அந்தக் கட்டத்தில் ஆள் எடுக்கும் பக்கம் செய்த சின்னப் பிழை, அப்ரைசல் பக்கம் போய்ப் பெரிய மனக்கசப்பாக வெடிக்கும். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இவை.

கோத்தகிரி, எச்.ஆர். எக்சிகியூட்டிவ்: அக்கா, செப்டம்பர் 30-க்குள் சேர்ந்தவர்களுக்குத்தான் எங்களிடம் அந்த வருட அப்ரைசல். அக்டோபர் 3-ல் வந்த பையனுக்குப் படிவம் திறந்திருக்கிறது, 1-ஆம் தேதி வந்த பெண்ணுக்குத் திறக்கவில்லை. ஏன் இப்படி?

அந்தப் பையனின் ஆஃபரில் என்ன தேதி இருந்தது என்று பாருங்கள். செப்டம்பர் 25 மாதிரி ஏதாவது இருக்கும். கேண்டிடேட்டை ஊழியராக மாற்றும்போது, பல மாட்யூல்கள் ஆஃபரில் போட்ட எதிர்பார்ப்புத் தேதியை அப்படியே சேர்ந்த தேதியாகக் கொண்டுபோய்விடும். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து ஆள் ஒரு வாரம் கழித்து வந்தாலும் யாரும் அதைத் திருத்துவதில்லை. சம்பளம் வருகைப் பதிவைப் பார்த்துப் போகிறது, அதனால் அங்கே தப்பு தெரியாது. ஏப்ரலில் அப்ரைசல் தொடங்கும்போதுதான் தலைதூக்கும்.

எனக்கே ஒரு கம்பெனியில் இது நடந்தது. அன்றிலிருந்து இரண்டு தேதிகளையும் தனித்தனிக் கட்டங்களாக வைக்கிறேன். ஆஃபர் தேதி ஆள் எடுக்கும் பக்கத்தோடு நின்றுவிடும். சேர்ந்த தேதியை, ஆள் வந்து கையெழுத்துப் போட்ட அன்றைக்குத்தான் நிரப்ப முடியும். அப்ரைசல் அந்த இரண்டாவது கட்டத்தை மட்டுமே படிக்கும்.

இப்போதைக்கு உங்கள் பட்டியலை எக்செலில் எடுங்கள். C-யில் சேர்ந்த தேதி, D-யில் முதல் வருகைப் பதிவு தேதி:

```
=IF(D2>C2,"பார்","")
```

வார விடுமுறையால் ஒரு நாள் தள்ளியவர்களும் இதில் வருவார்கள், அவர்களை விட்டுவிடலாம். இதை அப்ரைசல் தொடங்கும் பட்டனை அழுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும். யாருக்குப் படிவம் என்பது பெரும்பாலும் அந்த நொடியில் முடிவாகிவிடும், பிறகு தேதியைத் திருத்தினாலும் திறந்த படிவம் தானாக மூடாது. நீங்கள் அந்தப் படிவத்தைக் கையால் ரத்து செய்து, காரணத்தைப் பையனிடம் நேரில் சொல்லுங்கள். பி.எஃப். பதிவிலும் தப்புத் தேதி போயிருந்தால் அது தனி வேலை. சிலருக்கு ஊழியரும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் ஜாயின்ட் டிக்ளரேஷன் வரை போகலாம்.

ஊட்டி, ரிசார்ட் சேல்ஸ் மேனேஜர்: 2024 ஆகஸ்ட் 12-ல் சேர்ந்த என் ஆள், மார்ச் முடிவதற்குள் 700 ரூம் நைட் கொண்டுவந்தார். ஆண்டு டார்கெட் 1,200. சிஸ்டம் 58 சதவீதம் என்கிறது. இது நியாயமா மேடம்?

நியாயமே இல்லை. வராத மாதங்களின் டார்கெட்டையும் அவர் தலையில் கட்டியிருக்கிறது. ஆள் தேவைப் படிவத்தை நிரப்பும்போது அந்த இடத்துக்கு 1,200 என்று எழுதியிருப்பீர்கள், அது அப்படியே இலக்காக ஒட்டிக்கொண்டது.

அடுத்து எல்லோரும் செய்வது நாள் கணக்கு. ஆகஸ்ட் 12 முதல் மார்ச் 31 வரை 232 நாள். 1,200-ஐ 232-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 763. அதில் 700 என்றால் 92 சதவீதம். பெரும்பாலான மாட்யூல்களில் இருக்கும் 'காலத்துக்கேற்பக் குறை' என்ற வசதி இதைத்தான் செய்யும். சமவெளியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இது ஓரளவு போதும். நம் மலைக்குப் போதாது.

ஊட்டியில் ஒரு ரூமை ஏப்ரல், மே மாதத்தில் விற்பதும் பிப்ரவரியில் விற்பதும் ஒன்றா? அவர் சீசன் முழுவதையும் தவறவிட்டுத்தான் சேர்ந்திருக்கிறார். ஆகவே முந்தைய வருடம் மாதாமாதம் எவ்வளவு விற்றது என்பதை எடுத்து, அதே விகிதத்தில் 1,200-ஐப் பிரித்துப் போடுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஏப்ரல் முதல் ஜூன் வரை 500, ஜூலையில் 40, ஆகஸ்டில் 60, மீதி ஏழு மாதத்துக்கும் சேர்த்து 600. ஆகஸ்டில் அவருக்கு 20 நாள், அதற்கு 39. ஆக அவருடைய டார்கெட் 639. அவர் கொண்டுவந்தது 700, அதாவது 110 சதவீதம்.

ஒரே ஆள், ஒரே உழைப்பு. 58, 92, 110 என்று மூன்று பதில். இதில் எதை நம்பி ரேட்டிங் போடுகிறோம் என்பது அவர் அடுத்த வருடம் உங்களிடம் இருப்பாரா என்பதையே தீர்மானிக்கும். உங்கள் மாட்யூலில் ஆண்டு டார்கெட்டுக்கு ஒரே கட்டம்தான் இருந்தால், சேர்ந்த முதல் வாரத்திலேயே 639 என்று போட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள். மார்ச்சில் உட்கார்ந்து திருத்தினால் சலுகை காட்டியது மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. சீசன் ஏப்ரலில் தொடங்கியதா, மே மாதத்துக்குத் தள்ளிப்போனதா என்பது வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு வருடக் கணக்கை விட மூன்று வருடச் சராசரி நல்லது.

கொடைக்கானல், அக்கவுண்ட்ஸ்: எட்டு மாதம்கூட முடிக்காதவருக்கு 4 ரேட்டிங் கொடுத்தால் முழு இன்க்ரிமென்ட் போய்விடுமே? அதனால் நாங்கள் 4-ஐ 3 ஆக்கிவிடுவோம். சரிதானே?

பணத்தைப் பற்றிய உங்கள் கவலை சரி. குறைக்கும் இடம்தான் தப்பு. ரேட்டிங் என்பது அவர் எப்படி வேலை செய்தார் என்பது, எத்தனை நாள் செய்தார் என்பது அதற்குள் வரக் கூடாது. நாள் கணக்கை இன்க்ரிமென்ட்டில் வையுங்கள். 4 ரேட்டிங்குக்கு 8 சதவீதம், சம்பளம் 28,000 என்றால் முழு உயர்வு 2,240 ரூபாய். மேலே சொன்ன ஊட்டி ஆளைப் போல 232 நாள் என்றால் 1,424 ரூபாய். பணமும் மிச்சம், ரேட்டிங்கும் 4 ஆகவே இருக்கும். மூன்று வருடம் கழித்துப் பதவி உயர்வுக்குப் பட்டியல் எடுப்பவர் அந்த 3-ஐத்தான் பார்ப்பார், அதன் பின்னால் இருந்த கதை அவருக்குத் தெரியாது.

குன்னூர், டீம் லீட்: பிரசவ விடுப்பில் 26 வாரம் இருந்தேன். அந்த நாட்களையும் இதே மாதிரி கழிக்கலாமா?

டார்கெட்டில் கழிக்க வேண்டும், இன்க்ரிமென்ட்டில் கழிக்கக் கூடாது. நீங்கள் அந்த நாட்களிலும் பணியில் இருப்பவர்தான். விடுப்பைக் காரணம் காட்டிப் பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதை மகப்பேறு நலன் பற்றிய சட்ட விதிகளே தடுக்கின்றன. சிஸ்டம் வருகை நாட்களைப் படிக்கிறதா, பணியில் இருந்த காலத்தைப் படிக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். வருகை நாட்களைப் படித்தால் அமைப்பில் தப்பு.

கொடைக்கானல், ஹோட்டல் எச்.ஆர்.: எங்களுக்கும் இந்தத் தேதிப் பிழைதான் மேடம். ஒரு செஃப் எடுக்க 19 நாள்தான் ஆனது என்று ரிப்போர்ட். கிச்சன் மேனேஜரோ மூன்று மாதம் ஆனது என்று சண்டைக்கு வருகிறார். எந்தத் தேதியைத் திருத்துவது?

எதையும் திருத்த வேண்டாம், இது பிழை இல்லை. இரண்டு கடிகாரம் ஓடுகிறது. உங்கள் ரிப்போர்ட் அந்த செஃப் விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணுகிறது: ஏப்ரல் 21-ல் விண்ணப்பம், மே 10-ல் ஆஃபரை ஏற்றார் என்றால் 19. மேனேஜர் தன் ஆள் தேவைப் படிவம் ஒப்புதலான நாளிலிருந்து எண்ணுகிறார். அது பிப்ரவரி 10 என்றால் 89 நாள். அவரைக் கேட்டால் நோட்டீஸ் பீரியட் முடிந்து செஃப் வந்து அடுப்பைப் பற்றவைத்த நாள் வரைக்கும்கூட எண்ணுவார்.

இரண்டையும் ஒரே ரிப்போர்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். 19-க்கும் 89-க்கும் நடுவில் இருக்கும் 70 நாளில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல விண்ணப்பமே வராமல் போன காலம் அது. மலைக்கு வந்து தங்க ஆள் தயங்குகிறார்களா, தங்குமிடம் பற்றி விளம்பரத்தில் சொல்லவில்லையா என்று அங்கே தேடுங்கள். ஒன்றை மட்டும் தடுக்க வேண்டும். நாள் அதிகமாகிவிட்டது என்று பழைய படிவத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பார்கள், கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். மூடிய ஒரு மாதத்துக்குள் அதே பதவிக்குப் புதிய படிவம் வந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

குன்னூர், ரிசார்ட் ஆபரேஷன்ஸ்: மார்ச்சில் வருடம் முடிந்து, ஏப்ரல், மே மாதத்தில் அப்ரைசல். எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள் அவை. மேனேஜர்கள் எல்லோருக்கும் 3 போட்டு அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?

நிதியாண்டும் அப்ரைசல் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஜூலை முதல் ஜூன் வரை என்று வைத்து, ஜூலை மழையில் உட்கார்ந்து நிதானமாக எழுதுங்கள் என்பேன். சீசனில் யார் எப்படி வேலை செய்தார்கள் என்பதும் நினைவில் பசுமையாக இருக்கும்.

அவரே மறுபடியும்: எங்கள் ஃபைனான்ஸ் ஒப்புக்கொள்ளாது மேடம். இன்க்ரிமென்ட் ஏப்ரலிலிருந்து கணக்காக வேண்டும், பட்ஜெட் அப்படித்தான்.

அப்படியென்றால் அரியர்ஸ் கொடுக்க வேண்டிவரும், முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைக்கவும் வேண்டும். பிப்ரவரியிலேயே ரேட்டிங்கை முடிக்கலாம் என்பது இன்னொரு வழி. ஆனால் அதில் போன சீசன் பத்து மாதப் பழசாகிவிடும். இரண்டையும் செய்து பார்த்த கம்பெனிகள் என்னிடம் இருக்கின்றன, இரண்டு பக்கமும் குறை சொல்கிறார்கள். என் மனசு ஜூலைப் பக்கம்தான்.

கோத்தகிரி, பேக்கிங் யூனிட் சூப்பர்வைசர்: டிசம்பர் 1-ல் வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். புது மேனேஜர் நான்கு மாதம் பார்த்துவிட்டு முழு வருடத்துக்கும் 3 போட்டிருக்கிறார். பழையவர் 4 கொடுத்திருப்பார்.

சிஸ்டத்தில் மேனேஜர் பெயரை மாற்றிய அன்றைக்கே பழையவரின் பார்வை மறைந்துவிட்டது. மாற்றல் உத்தரவுக்கு முன் பழைய மேனேஜரிடம் ஓர் இடைக்காலப் படிவம் வாங்கியிருக்க வேண்டும். எட்டு மாதம் 4, நான்கு மாதம் 3 என்றால் மாத எடைப்படி 3.67. இப்போதும் பழையவர் கம்பெனியில் இருந்தால், இறுதி ஒப்புதலுக்கு முன் அவருடைய கருத்தை எழுத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஊட்டி, பெயர் வேண்டாம்: என் மேனேஜர் 4 போட்டதை நானே திரையில் பார்த்தேன். கடைசியில் கடிதத்தில் 3. எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஆறு பேர்தான். யாரிடம் கேட்பது?

எச்.ஆரிடம், மாற்றப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். யார், எந்தத் தேதியில், என்ன காரணம் எழுதி மாற்றினார் என்பது அதில் இருக்க வேண்டும். காரணக் கட்டம் காலியாக இருந்தால், அதைக் கட்டாயமாக்காமல் விட்டது அமைத்தவர்களின் தப்பு.

என் ஊகம் இது. இத்தனை சதவீதம் பேருக்குத்தான் மேல் ரேட்டிங் என்று உங்கள் கம்பெனி விகிதம் வைத்திருக்கலாம். 10 சதவீதம் என்றால் ஆறு பேரில் 0.6 ஆள். சிஸ்டம் அதைக் கீழே முழுதாக்கினால் பூஜ்யம். உங்கள் டிபார்ட்மென்ட்டில் எவ்வளவு உழைத்தாலும் யாருக்கும் அது கிடைக்காது. சின்ன டிபார்ட்மென்ட்டுகளைச் சேர்த்து ஒரே குழுவாகப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த விகிதத்தையே எடுத்துவிட வேண்டும். ஆறு பேருக்கும் என்ன ரேட்டிங் வந்தது என்று எச்.ஆர். சொல்ல மாட்டார்கள், ஆனால் குழுவின் அளவையும் விகிதத்தையும் சொல்லலாம். அதைக் கேட்டு வாங்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.