இரண்டு கோட்டை இரண்டு முறை எண்ணாதீர்கள்

கேள்வி: எங்கள் வீடு 650 சதுர அடி. ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, இரண்டு பாத்ரூம். அறை அளவுகளை இணைத்திருக்கிறேன். பட்டி பார்த்து, பிரைமர் ஒரு கோட் முடிந்துவிட்டது. இனி உள்ளே எமல்ஷன் இரண்டு கோட். பெயிண்டர் தந்த சீட்டில் ‘2,400 சதுர அடி × 2 கோட் = 4,800. லிட்டருக்கு 60 வீதம் 80 லிட்டர். 20 லிட்டர் வாளி நாலு’ என்று இருக்கிறது. கடைக்காரரும் சரி என்கிறார். கதவு ஜன்னலைக் கழித்தாரா என்று கேட்டதற்கு, ‘அதெல்லாம் கழிக்க மாட்டோம்மா’ என்றுவிட்டார். நாலு வாளி நிஜமாகவே வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். இரண்டு வாளியோடு வேலை முடிந்துவிடும். நீங்கள் கதவு ஜன்னலில் சந்தேகப்படுகிறீர்கள். சமையலறை டைல்ஸையும் சேர்த்தே அங்கே போவது ஐந்து லிட்டர்தான். நாற்பது லிட்டர் வேறு இடத்தில் போகிறது.

சீட்டில் உள்ள அந்த 60 என்ற எண்ணைப் பாருங்கள். பட்டி, பிரைமர் முடிந்த வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி போகும். சரக்கைப் பொறுத்து கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதே லிட்டரை இரண்டு கோட்டுக்குப் பிரித்தால் 60 சதுர அடி. ஆக 60 என்பதே இரண்டு கோட் அடித்து முடித்த கணக்கு. உங்கள் பெயிண்டர் பரப்பை முதலில் இரண்டால் பெருக்கி, பிறகு இரண்டு கோட்டுக்கான எண்ணால் வகுத்திருக்கிறார். கோட் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. 2,400-ஐ நேராக 60-ஆல் வகுத்தாலும் சரி, 4,800-ஐ 120-ஆல் வகுத்தாலும் சரி, 40 லிட்டர்தான் வரும்.

இந்தக் குழப்பத்துக்குக் கம்பெனிகளும் காரணம். ஒருவர் ‘ஒரு கோட்டுக்கு’ என்று போடுவார், இன்னொருவர் ‘இரண்டு கோட்டுக்கு’ என்று போடுவார். இரண்டும் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். வீட்டுக்குப் பெயிண்ட் வாங்குகிறவர் பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. நீங்கள் கடையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “இந்த எண் ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா?” பதில் தெரியாது என்றால், எண் 100-க்கு மேலே இருந்தால் ஒரு கோட், 50-லிருந்து 75-க்குள் இருந்தால் இரண்டு கோட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்சுவர் எமல்ஷனுக்கு இது ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

சரி, பரப்புக்கு வருவோம். உங்கள் ஹால் 16-க்கு 11, உயரம் 10 அடி. நாலு சுவரின் நீளத்தைக் கூட்டினால் 54 அடி, உயரத்தால் பெருக்கினால் 540 சதுர அடி. இதில் வாசற்கதவு மூன்றரைக்கு 7, அதாவது 24.5. படுக்கையறைக் கதவு இரண்டும் சேர்ந்து 42, சமையலறை வழி 21, பாத்ரூம் கதவு 17.5, 5-க்கு 4 ஜன்னல் இரண்டு 40. மொத்தம் 145. இதை அப்படியே கழித்துவிடக் கூடாது. ஜன்னல் சட்டம் சுவரின் உள்முகத்தோடு ஒட்டி நிற்பதில்லை, உள்ளே தள்ளி நிற்கிறது. அந்தப் பள்ளத்தின் நாலு ஓரத்திலும் பெயிண்ட் அடிக்க வேண்டும். நாலரை அங்குல ஆழம் என்றால் ஒரு ஜன்னலுக்குச் சுமார் ஏழு சதுர அடி, இரண்டுக்கும் 14. ஆக 540-இல் 145 போய், 14 சேர்ந்து, 409 சதுர அடி.

மற்ற அறைகளுக்கும் இப்படியே. படுக்கையறைகள் 392, 369. சமையலறையில் மேடையை ஒட்டிய இரண்டு சுவரிலும் தரையிலிருந்து நாலரை அடி வரை டைல்ஸ், மேடை, கப்போர்டு என்று போய்விடுவதால், அதையும் கழித்து 252. பாத்ரூம்களில் டைல்ஸுக்கு மேலே உள்ள மூன்று அடி மட்டும், இரண்டுக்கும் 132. சுவர் மொத்தம் 1,554. சீலிங் 532. கூட்டினால் 2,086 சதுர அடி.

உங்கள் பெயிண்டரின் 2,400 எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தேன். கதவு, ஜன்னல், சமையலறை டைல்ஸ் எதையும் கழிக்காமல் கூட்டினால் 2,404 வருகிறது. ஆக டேப் பிடித்து அளந்துதான் எழுதியிருக்கிறார், அந்த மட்டும் பாராட்ட வேண்டும். பலர் அளப்பதே இல்லை. வீட்டின் சதுர அடியை மூன்றரையால் பெருக்கி, சுவரும் சீலிங்கும் இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெருக்கல் சுவரின் தடிமன் போக, உள்ளே நடமாடும் பரப்புக்கானது. பத்திரத்தில் இருக்கும் 650-க்குப் போட்டால் இஷ்டத்துக்கு ஏறும்.

இந்தக் கழிவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் சண்டை வருவது இதில்தான். ‘கழிக்க மாட்டோம்’ என்று அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. கட்டட வேலைகளை அளப்பதற்கு ஐ.எஸ். 1200 என்று இந்தியத் தரநிர்ணயம் ஒன்று இருக்கிறது. அதன்படி, அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்கு, அதாவது சுமார் ஐந்தரை சதுர அடி வரை, கழிவே கிடையாது. உங்கள் பாத்ரூம் வென்டிலேட்டர் 2-க்கு ஒன்றரை, மூன்று சதுர அடி, ஆகவே கழிக்கக் கூடாது. அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. சாதாரணக் கதவும் ஜன்னலும் இதில்தான் வரும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள கதவை ஹால் பக்கம் கழித்தால், படுக்கையறைப் பக்கம் கழிக்க மாட்டார்கள். ஓரங்களில் தூரிகை வைத்து அடிக்கும் வேலைக்கு அது ஈடு. அதற்கும் பெரிய திறப்பு என்றால் இரண்டு முகமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவே கதவில்லாமல் 6-க்கு 7 அகலத் திறப்பு இருக்கும் வீடுகளில் இதை வசதியாக மறந்துவிடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 42, இரண்டு பக்கமும் 84 சதுர அடிக்குக் கூலி சும்மா போகும்.

ஆனால் இந்த விதி கூலியை அளக்க. பெயிண்டை அளக்க இல்லை. ஜன்னல் ஓரத்தை அடிக்க ஆளுக்கு நேரம் பிடிக்கிறது, அதனால் கூலியில் விட்டுக்கொடுப்பது நியாயம். கதவு இருக்கிற இடத்தில் எமல்ஷன் எப்படிச் செலவாகும்? ஆகவே இரண்டு சீட்டு எழுதி வாங்குங்கள். கூலிச் சீட்டில் பரப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். பெயிண்ட் சீட்டில் நிஜமாக நனையும் சுவர் மட்டும் இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்கு இப்போது வாங்க வேண்டியது: சுவர் 1,554-ஐ 60-ஆல் வகுத்தால் 26 லிட்டர். வாளியிலும் ரோலரிலும் ஒட்டிக்கொண்டு போவதற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 27 சொச்சம். 20 லிட்டர் ஒன்று, 4 லிட்டர் இரண்டு வாங்கினால் 28. நிறம் கலந்து தரும் பேஸ் என்றால் வாளியில் 20 இல்லாமல் 18 லிட்டர், சின்னதில் 10 இல்லாமல் 9 லிட்டர் என்று பல சமயம் வரும். கலர் சேர்க்க இடம் விட்டிருப்பார்கள். அப்போது 18-உம் 9-உம் போதும். லேபிளில் நிகர அளவைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். சீலிங்குக்கு வெள்ளை 10 லிட்டர் ஒன்று, அதிலேயே கொஞ்சம் மிஞ்சும்.

இதை நம்புவதா வேண்டாமா என்று தோன்றினால் சுவரிலேயே சோதிக்கலாம். 12-க்கு 10 படுக்கையறையில் திறப்பே இல்லாத 12 அடிச் சுவர் ஒன்று இருக்கிறது, 120 சதுர அடி. ஒரே ஒரு லிட்டரை அளந்து ஊற்றிக் கொடுத்து, லேபிளில் சொல்லியிருக்கும் தண்ணீரை மட்டும் கலந்து, அந்தச் சுவரை ஒரு கோட் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள். சுவர் முடியும்போது வாளியும் ஏறக்குறைய காலியாக வேண்டும். ஒன்றரை லிட்டர் குடித்தால் பிரைமர் சரியாக ஏறவில்லை, பட்டி உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அங்கே எமல்ஷனைக் கொட்டுவதைவிட பிரைமர் இன்னொரு கை அடிப்பது மலிவு. மாறாக, அரை லிட்டரிலேயே சுவர் முடிந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் அதிகமாகிவிட்டது. காய்ந்ததும் கீழே உள்ள பட்டி திட்டுத்திட்டாகத் தெரியும், ஈரத்துணியால் தேய்த்தால் நிறம் துணியில் வரும். லிட்டருக்கு இவ்வளவு சதுர அடி என்று கம்பெனி சொல்வது தண்ணீர் சேர்க்கும் முன் உள்ள பெயிண்டுக்குத்தான்.

நாலு வாளிக்கு ஏன் கடைக்காரரும் தலையாட்டினார் என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். பல வாளிகளில் பெயிண்டருக்கென்று டோக்கன் இருக்கிறது, அல்லது மூடியில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் அவர் கணக்கில் புள்ளி ஏறுகிறது. வாளி கூடக்கூட அவருக்கும் லாபம், கடைக்கும் லாபம். அந்தப் பணம் பெயிண்ட் விலையில்தான் இருக்கிறது, கொடுப்பது நீங்கள். உழைக்கிறவருக்கு ஒரு வருமானம் போகட்டும் என்று நினைத்தால் கூலியில் சேர்த்துக் கொடுங்கள். வாளியின் எண்ணிக்கையோடு அதைக் கட்டிப்போட்ட ஏற்பாடுதான் கோளாறு. அதை யாரும் மாற்றுவதாகத் தெரியவில்லை.

கடைசியாக, வாங்கும் முறை. நிறம் கலந்த பெயிண்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், சீல் உடைக்காத வெள்ளையைத்தான் எடுப்பார். அதையும் வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள். சுவர் நிறத்தில் முதலில் 20-உம் ஒரு 4-உம் வாங்குங்கள். இரண்டையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் அறைக்கு அறை நிறம் மாறாது. முதல் கோட் முடிந்த அன்று டிரம்மில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 11 லிட்டர் மிஞ்சியிருந்தால் கணக்கு சரியாகப் போகிறது. கடைசி 4 லிட்டரை அன்றைக்கு வாங்கி, இரண்டாவது கோட் தொடங்கும் முன் அதே டிரம்மில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். 8 லிட்டருக்குக் கீழே போயிருந்தால் வாங்கப் போகாதீர்கள். வேலையை நிறுத்திவிட்டு, அந்த 12 அடிச் சுவரில் மறுபடி அளந்து பாருங்கள்.