வியட்நாமிய வணக்கத்தில் 'நான்', 'நீங்கள்' எங்கே?

"'எம் சாவ் சி ஆ' என்று ஒரு வியட்நாமியச் செய்தி. இதில் 'நான்', 'நீங்கள்' எது? தமிழில் எப்படி எழுதுவது?"

'எம்' என்றால் தம்பி அல்லது தங்கை, 'சி' என்றால் அக்கா, 'சாவ்' வணக்கம் சொல்வது. கடைசி 'ஆ' மரியாதைக்கு. பேசுபவர் தன்னையே 'எம்' என்கிறார். அதுதான் இங்கே 'நான்'; 'சி'தான் 'நீங்கள்'. சொல்லுக்குச் சொல் போட்டால் 'தம்பி அக்காவுக்கு வணக்கம் சொல்கிறேன்' என்று அசட்டுத்தனமாக வரும். 'வணக்கம் அக்கா' போதும். உறவில்லாத, கொஞ்சம் மூத்த பெண்ணையும் நாம் அக்கா என்போமே, அதேபோலத்தான். அலுவலகக் கடிதமென்றால் 'வணக்கம் மேடம்' என்று மாற்றலாம்.

சிக்கல் பதிலில்தான். அந்த அக்கா 'சாவ் எம்' என்பார். சற்றுமுன் 'நான்' ஆக இருந்த 'எம்' இப்போது 'நீ'. அதில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. தமிழிலோ தம்பியா தங்கையா என்று முடிவு செய்தாக வேண்டும். முதல் செய்தியை அனுப்பியவர் யாரென்று தெரியாவிட்டால் பேசாமல் 'வணக்கம்ப்பா' என்று எழுதிவிடுங்கள்.

பாட்டியிடம் பேசும் பேரப்பிள்ளைக்கு 'நான்' என்பது 'சாவ்', பாட்டி 'பா'. இந்தச் 'சாவ்' வேறு. தமிழெழுத்தில்தான் வணக்கம் போலத் தெரிகிறது.

அப்புறம், 'எம் சாவ் ஆன்' வந்தால் அவசரப்பட்டு 'வணக்கம் அண்ணா' என்று எழுதாதீர்கள். மனைவி கணவனை அழைப்பதும், காதலி காதலனை அழைப்பதும் இதே 'ஆன்'தான். முன்பின் உரையாடலைப் பார்த்துவிட்டு, தேவையென்றால் 'என்னங்க' போடுங்கள்.