அகக்கண்ணை விடுங்கள், முத்துப்பட்டனைச் சொல்லுங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வில்லுப்பாட்டை ஆராயும் ஒரு பேராசிரியை பேச வருகிறார். அவருக்குப் பார்வை இல்லை. முத்துப்பட்டன் கதையைப் பல ஊர்க் கோயில் கொடை விழாக்களில் ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டிருக்கிறார். அறிமுகவுரை என் பொறுப்பு. "புறக்கண் இல்லாவிட்டாலும் அகக்கண்ணால் உலகை வென்றவர்" என்று ஆரம்பிக்கச் சொல்கிறார் எங்கள் தலைவர் அண்ணாச்சி. எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் பார்வையைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால் மறைப்பதுபோல் ஆகிவிடாதா?
– ஒரு வாசகி

பதில்: உறுத்தியது நியாயம்தான். அண்ணாச்சி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் மேடைகளில் மைக்கைப் பிடித்ததும் அந்த வரி தானாக வாயில் வந்துவிடும். "இறைவன் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பான்", "எல்லாம் இருந்தும் நாம் என்ன சாதித்தோம்" என்று அதன் சொந்தபந்தங்களும் பின்னாலேயே வரும். கைதட்டல் நிச்சயம். ஆனால் கைதட்டி முடித்த கூட்டத்துக்கு அன்றைய பேச்சைப் பற்றி ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது.

அதைவிடப் பெரிய சேதம் பிறகு தெரியும். அறிமுகம் எதைச் சொன்னதோ அதைத்தான் கூட்டம் கேட்கக் காத்திருக்கும். ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். மெல்போர்னில் ஒரு பள்ளியில் சட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். 20 நிமிடம் ஆனதும் ஒரு மாணவன் கையை உயர்த்தி, "உங்கள் பேச்சை எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேட்டான். அவன் கேட்டது தன்னம்பிக்கைப் பேச்சை. அதுவரை நடந்த பாடம் அவன் காதில் பாடமாகவே விழவில்லை. 2014-ல் சிட்னியில் பேசியபோது அவரே சொன்ன நிகழ்ச்சி இது. உங்கள் கூட்டத்திலும் கேள்வி நேரத்தில் முதல் கேள்வி "தனியாக எப்படிப் பஸ் ஏறுகிறீர்கள்?" என்று வந்தால், அறிமுகவுரை தவறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே பேச்சுக்குள் கூட்டத்தை அழைத்துப் போகிற அறிமுகமாக எழுதுங்கள். இன்று என்ன கேட்கப் போகிறோம், அதை இவர் பேசுவது ஏன், எதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. சரக்கு வேண்டுமானால் பேராசிரியைக்கே தொலைபேசியில் பேசுங்கள். உடன் வருபவரிடம் கேட்காதீர்கள். "உங்கள் உரையில் கேட்பவர்கள் எதைத் தவறவிடக் கூடாது?" என்று முதலில் கேளுங்கள். பேச்சின் முடிவில், "பார்வையைப் பற்றி மேடையில் ஏதாவது சொல்ல வேண்டுமா? வேண்டுமென்றால் எந்த வார்த்தையில்?" என்று கேட்டுவிடுங்கள். தயங்கித் தயங்கிக் கேட்டால்தான் சங்கடம். ஊர்ப் பெயரையும் பட்டத்தையும் சரிபார்ப்பதுபோல் இயல்பாகக் கேட்டால் பதிலும் இயல்பாக வரும்.

வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் வெள்ளைக் கோலுடன் மேடை ஏறுவதை எல்லோரும் பார்க்கத்தான் போகிறார்கள். ஏற்கெனவே தெரிந்ததை ஒலிபெருக்கியில் அறிவிப்பதால் யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரியப்போவதில்லை.

சொல்லுங்கள் என்றாலும், அது வேலையோடு சேர்ந்து வர வேண்டும். "குறிப்புகளைப் பிரெயிலில் எடுக்கிறார், பாடல்களை ஒலிப்பதிவிலிருந்தே நேரடியாக ஒப்பிடுகிறார்" என்றால் அது ஆய்வு முறை, சொல்லலாம். "பார்வை இல்லாததால் காது கூர்மையாகிவிட்டது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாராட்டுப்போல் இருக்கும், ஆனால் அவர் உழைப்பைப் பிடுங்கி இயற்கையின் கணக்கில் வரவு வைக்கிற வாக்கியம் அது. குடத்தின் அடியையும் உடுக்கையையும் பிரித்துக் கேட்கிற காது வருடக்கணக்காகக் கொடைக் களத்தில் விடிய விடிய உட்கார்ந்ததால் வந்தது.

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்து நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"முத்துப்பட்டன் கதையைக் கொடையில் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனையே பட்டவராயனாகக் கும்பிட்டும் வந்திருப்பீர்கள். அந்தணனான முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்காவை மணந்தான், மாட்டைக் காக்கப் போய் உயிர்விட்டான் என்பது நமக்குத் தெரிந்த கதை. ஆனால் அந்தப் பெண்கள் யார் பெற்ற பிள்ளைகள்? அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் என்பது ஒரு பாடம். காட்டில் கிடைத்த அந்தணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்பது இன்னொரு பாடம். ஒரே கதைக்குள் ஏன் இந்த மாற்றம் வந்தது? பல ஊர்க் கொடைகளில் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்து, வரிக்கு வரி ஒப்பிட்டவர் நம் பேராசிரியை. இன்று சில பதிவுகளை ஒலிக்கவும் விடுகிறார். பெண்களின் பிறப்பைப் பாடும் இடத்தை மட்டும் கவனமாகக் கேளுங்கள். அம்மா, வாருங்கள்."

படித்துப் பாருங்கள். இதில் இரக்கம் இல்லை, புகழ்ச்சியும் அதிகம் இல்லை, ஆனாலும் வருகிறவர் சாதாரண ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீங்கள் எழுதியது சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. போன மாதம் பார்வையுள்ள ஒருவர் பேசினாரே, அவர் பெயரைப் போட்டு வாசியுங்கள். அவருக்குச் சொன்னால் சிரிப்பு வரும் வரி எதுவோ, அதை அடித்துவிடுங்கள். "தானே படியேறி வந்திருக்கிறார்" என்று அவருக்குச் சொல்வீர்களா?

மேடை ஏற்பாடுகள் தனி. அவை மைக்கில் வரக் கூடாது. எத்தனை படி, மைக் எந்தப் பக்கம், மேடையில் யார் யார் என்பதைக் கூட்டம் தொடங்கும் முன் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். துணை வேண்டும் என்றால் அவர் உங்கள் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்வார், நீங்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பொன்னாடை போர்த்துகிறவர் "அம்மா, பொன்னாடை போர்த்துகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போர்த்தட்டும். பின்னாலிருந்து திடீரென்று தோளில் துணி விழுந்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும்.

நன்றியுரையை மறந்துவிடாதீர்கள். அறிமுகவுரை ஒழுங்காக இருந்து, நன்றி சொல்ல வந்தவர் "இந்த நிலையிலும் இவ்வளவு தூரம் வந்து" என்று கவிழ்த்த கூட்டங்கள் உண்டு. நன்றி சொல்பவரிடம், பேச்சிலிருந்து தனக்குப் புதிதாக இருந்த ஒரு செய்தியைக் குறித்துவைத்து அதற்கு நன்றி சொல்லுமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சியிடமும் இந்த இரண்டு நிமிட உரையை முன்னதாகவே வாசித்துக் காட்டுங்கள். அப்படியும் தலைமையுரையில் அகக்கண் வந்துவிட்டால் மேடையில் திருத்தப் போகாதீர்கள். அது பேராசிரியையைத்தான் மேலும் நெளிய வைக்கும். கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாக நீங்களே எழுந்து, "அம்மா, அந்தணக் குழந்தைகள் என்கிற பாடம் எந்த ஊர்ப் பக்கம் அதிகம் பாடப்படுகிறது?" என்று கேளுங்கள். அடுத்து எழுகிறவர்களும் அந்தத் தடத்திலேயே கேட்பார்கள்.