72 மணி நேரம் வரை காத்திருக்கலாமா?

"சனிக்கிழமை ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 72 மணி நேரம் இருக்கிறதாமே, திங்கட்கிழமை வாங்கினால் போதாதா? கடையில் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது."

வேண்டாம், ஞாயிறு காலையிலேயே வாங்கிவிடுங்கள். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லைதான். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரை செய்வது ஒரே வேலை: கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவது. விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும்; அதற்குள் முட்டை வந்துவிடக் கூடாது. முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டால் மாத்திரையால் தடுக்க முடியாது. அது ஞாயிறு மாலையே ஏறலாம், யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது.

மாத்திரை சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதித்துப் பாருங்கள். 72 மணி தாண்டிவிட்டதா? ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போடலாம், மாத்திரையைவிட அது உறுதியானது.

இந்தியாவில் இந்த மாத்திரைக்கு மருந்துச்சீட்டு தேவையில்லை. நல்ல மருந்தாளுநர் உங்களைக் கவுண்டரின் ஓரத்துக்கு அழைத்து, தணிந்த குரலில் கேட்பார்: எத்தனை மணி நேரம் ஆச்சு, கடைசி மாதவிடாய் எப்போது, காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா? அந்த மருந்துகளில் சில இதன் பலனைக் குறைக்கும், அதனால்தான் அந்தக் கேள்வி. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை, மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அடுத்த கடைக்குப் போங்கள்.