அந்த ஆள் எப்படித் தந்தையார் ஆனார்?

அன்புள்ள ஐயா,

எனக்குத் தாய்மொழி மலையாளம். கணவருக்குக் காரைக்குடி சிக்ரியில் வேலை. இங்கே வந்த பிறகுதான் தமிழ் படிக்கவும் எழுதவும் கற்றேன். ஒரு மலையாளச் சிறுகதையைத் தமிழாக்கி, கோட்டையூரில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பார்க்கக் கொடுத்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் திருத்தித் தந்தார். அத்தனையையும் அப்படியே ஏற்றுத் தட்டச்சு செய்தேன். தமிழ்த் தோழிகள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்த என் தங்கை மட்டும், “சேச்சி, கதையைக் காணோமே” என்கிறாள். பழைய படி, திருத்திய படி இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். தாய்மொழி அல்லாத மொழியில் மொழிபெயர்ப்பதே தவறா? திருத்துபவர் சொல்வதில் எவ்வளவை ஏற்பது?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள அம்மா,

தவறா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். 1976இல் நைரோபியில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பரிந்துரையே, மொழிபெயர்ப்பவர் கூடியவரை தாய்மொழியிலோ அதற்கு இணையாகத் தமக்குக் கைவந்த மொழியிலோ மொழிபெயர்க்கட்டும் என்றுதான் சொல்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் உள்ளே வந்தும் விட்டீர்கள்.

இரண்டு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உங்கள் தங்கை சொன்னது சரி. கதை பழைய படியில் இருக்கிறது, புதிய படியில் இல்லை. எங்கே போனது என்று ஓர் இடத்தில் காட்டுகிறேன்.

குடும்பத்தை விட்டுப்போன அப்பாவைப் பற்றி மகள் பேசுகிறாள். மலையாளத்தில் அவரை ‘அயாள்’ என்கிறாள். அதில் மரியாதை இல்லை, வசையும் இல்லை. தூரம் மட்டும்தான் உண்டு. பெற்ற அப்பாவை மகள் அப்படிச் சொல்வதில்தான் கதையின் குளிர் இருக்கிறது. நீங்கள் ‘அந்த ஆள்’ என்று எழுதினீர்கள். அருமையான தேர்வு. ஆசிரியர் அதை அடித்துவிட்டுத் ‘தந்தையார்’ என்று போட்டிருக்கிறார், கதை முழுக்க. நீங்களும் ஓர் இடத்தில்கூடத் தயங்காமல் ஏற்றிருக்கிறீர்கள். இதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. அவர் திருத்தியது உங்கள் தமிழை இல்லை, அந்தப் பெண்ணின் நடத்தையை. மகள் அப்பாவை அப்படிச் சொல்லலாகாது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கோட்டையூரில் பெரியவர்களை ‘வந்தாக, சொன்னாக’ என்றே கேட்டு வளர்ந்தவர் அவர். அவர் காதுக்கு ‘அந்த ஆள்’ சுட்டிருக்கும். சுடவேண்டிய சொல்தான் அது.

திருத்தப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்: ‘தமிழில் இப்படிச் சொல்ல மாட்டார்களா, அல்லது நீங்கள் இப்படிச் சொல்ல மாட்டீர்களா?’ முதலாவது என்றால் பணியுங்கள். இரண்டாவது என்றால் விடாதீர்கள். ‘பெய்யும் பனி’ என்று எழுதவேண்டிய இடத்தையும் மலையாளத்துப் ‘பனி’, அதாவது காய்ச்சல், வரும் இடத்தையும் குழப்பிக்கொள்வது போன்ற பிழைகளுக்காகக் கவலைப்படாதீர்கள். எந்தத் தமிழரும் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்.

ஆனால் எந்தத் தமிழராலும் பிடிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தேவகோட்டையில் வங்கி வேலையில் இருந்த பாலக்காட்டு நண்பர் ஒருவர் மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த கதைகளுக்கு நான்தான் முதல் வாசகன். மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். அவர் மடியில் மலையாளப் புத்தகம், என் கையில் தமிழ்க் கையெழுத்துப்படி. நான் உரக்கப் படிப்பேன். அவர் மூலத்தை எனக்குக் காட்டமாட்டார். மூலத்தின் அர்த்தம் தெரிந்துவிட்டால் மோசமான தமிழும் புரிந்துவிடும் என்பார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு பலமுறை பார்த்துவிட்டேன்.

ஒரு கதையில், இரவில் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். வந்தது ஆணா பெண்ணா என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். நண்பர் ‘வாசலில் வந்து நின்றான். ஒன்றும் பேசவில்லை’ என்று எழுதியிருந்தார். நான் தடையில்லாமல் படித்துக்கொண்டு போனேன். எனக்கு உறுத்த அங்கே என்ன இருக்கிறது? நல்ல தமிழ். அவர்தான் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மலையாளத்தில் ‘வாதில்க்கல் வந்நு நிந்நு’ என்றுதான் இருக்கிறது, ஆள் யாரென்று சொல்லவே இல்லை என்றார்.

உங்களுக்கு இது தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இன்றைய மலையாள வினைச்சொல்லில் பால் காட்டும் விகுதி கிடையாது. அவனும் ‘வந்நு’, அவளும் ‘வந்நு’, அவர்களும் ‘வந்நு’. எழுவாயை விட்டுவிட்டால் யாரென்று வினை காட்டிக்கொடுக்காது. தமிழில் அப்படி ஒளிய முடியாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று எதையாவது சொல்லியாக வேண்டும். மலையாளத்திலிருந்து வருபவருக்கு இது பழக்கமில்லாத கட்டாயம். கை தன்னையறியாமல் ‘ஆன்’ போட்டுவிடும். தமிழ் வாசகருக்கு அது தெரியவே தெரியாது.

அன்று முழுக்க அந்த ஒரு வரியோடு உட்கார்ந்திருந்தோம். ‘நின்றார்’ என்று போட்டால் பால் மறையும், ஆனால் மரியாதை வந்துவிடும்; வந்தவர் வயதில் பெரியவர் என்று ஆகிவிடும். ‘ஓர் உருவம் வந்து நின்றது’ என்றால் பேய்க்கதை. ‘யாரோ வந்து நின்றார்கள்’ என்றால் கூட்டமாக வந்த மாதிரியும் படிக்கலாம். அப்புறம்தான், இரண்டாவது வாக்கியம் நம்மை ஏன் தொந்தரவு செய்யவில்லை என்று கவனித்தோம். ‘பேசவில்லை’ என்பதில் பால் இல்லை. நான் பேசவில்லை, அவள் பேசவில்லை, அவர்கள் பேசவில்லை, எல்லாம் ஒன்றுதான். தமிழிலும் ஒளிய இடம் இருக்கிறது, எதிர்மறையில். அதேபோல ‘நிற்பது’ என்ற தொழிற்பெயரிலும் ஆள் தெரியாது. கடைசியில் ‘யாரோ வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. ஒன்றும் பேசவில்லை’ என்று முடித்தோம். அடுத்த நான்கு பக்கங்களையும் இப்படியே நகர்த்த வேண்டியிருந்தது. ‘சிரித்தாள்’ வரவேண்டிய இடத்தில் ‘சிரிப்பு கேட்டது’. ‘உட்கார்ந்தான்’ வரவேண்டிய இடத்தில் ‘நாற்காலி நகரும் சத்தம்’. எல்லா இடத்திலும் இது நடக்காது. பக்கத்துக்கு மூன்று சத்தம் கேட்டால் வாசகர் சந்தேகப்படுவார். அப்படிப்பட்ட இடங்களில் வாக்கியத்தையே அந்த ஆளின் பக்கமிருந்து வீட்டுக்காரியின் பக்கம் திருப்பினோம்.

இந்த வேலையில் யாருடைய பங்கு எது என்று பாருங்கள். ‘யாரோ வந்து நிற்பது தெரிந்தது’ என்ற வாக்கியத்தைச் சொன்னது என் காது. அது தேவை என்று சொன்னது அவருடைய மலையாளம். நான் தனியாக அந்தப் படியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தியிருந்தால் ‘நின்றான்’ அப்படியே அச்சுக்குப் போயிருக்கும், யாரும் குறை சொல்லாத தமிழில். உங்கள் கதைக்கு நடந்தது இதுதான். படியைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள், சிவப்பாகத் திரும்பி வந்தது. நடுவில் பேச்சே நடக்கவில்லை.

மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கு 2015இல் வந்த ஐ.எஸ்.ஓ. 17100 தரநிலை இந்த இரண்டு வேலைகளையும் பிரித்தே வைக்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டு இன்னொருவர் பார்ப்பது ஒன்று, அது கட்டாயம். மூலத்தைப் பார்க்காமல், வந்திருக்கும் மொழியை மட்டும் படித்துப் பார்ப்பது இன்னொன்று. அது தேவைப்பட்டால் செய்துகொள்வது. உங்கள் ஆசிரியர் செய்தது இரண்டாவது மட்டும். முதலாவதை உங்கள் தங்கை செய்தாள், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு. இருவரையும் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

இனி வாசகருக்குக் கொடுக்கும்போது முதலில் ஐந்தாறு பக்கம் மட்டும் கொடுங்கள். பேனாவைக் கொடுக்காதீர்கள், பென்சில் கொடுங்கள். படிக்கும்போது இடறிய இடத்தில் ஒரு நெளிகோடு, புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். மாற்றி எழுத வேண்டாம் என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நெளிகோடு விழுந்த இடத்தில் நீங்கள் வாயால், உங்கள் பேச்சுத் தமிழில், கதையில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். ‘அதை இங்கே எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நெளிகோடுகளை எண்ணிப் பார்த்தால் உங்கள் பழக்கம் தெரியும். உங்கள் பழைய படியில் ‘யார் வந்தது?’, ‘நீ எங்கே போவது?’, ‘நான் சொன்னது உன்னிடம்தான்’ என்ற மாதிரி வாக்கியங்கள் நிறைய. தனித்தனியாகப் பார்த்தால் பெரிய குற்றமில்லை. மலையாளத்தின் ‘ஆராண் வந்நது’ அச்சில் வார்த்தவை. ஒரு பக்கத்தில் பத்து வந்தால் தமிழ்க் காது சோர்ந்துவிடும். ஏன் என்று அவரால் சொல்ல முடியாது, ‘ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது’ என்பார். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள்தான். பாதியை ‘யார் வந்தார்கள்?’, ‘எங்கே போகிறாய்?’ என்று மாற்றுங்கள். அழுத்தம் வேண்டிய இடத்தில் பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். விடைத்தாள் திருத்திப் பழகியவர் கதையையும் திருத்துவார். நாவல் படித்துப் பழகியவர் வேண்டும், அவர் ஆண்டுக்கணக்கில் வாரப் பத்திரிகைத் தொடர் படித்த ஆச்சியாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் செட்டிநாட்டுக்காரர் ஒருவரே போதும் என்று நினைக்காதீர்கள். கதையில் வரும் சேச்சியை அவர் ‘ஆச்சி’ ஆக்கச் சொல்வார். இங்கே மூத்த சகோதரியை அப்படித்தான் அழைக்கிறோம். திருநெல்வேலியில் படிப்பவர் கதையில் திடீரென்று ஒரு பாட்டி வந்துவிட்டதாக நினைப்பார். வேறு மாவட்டத்துக்காரர் ஒருவரும் படிக்கட்டும்.

ஆசிரியரிடம் சண்டை வேண்டாம். அவர் போட்ட ஒற்றுகளும் பிரித்த சொற்களும் அத்தனையும் சரி, அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதையிலும் கடைசிப் படியை மெய்ப்புப் பார்க்க அவரிடமே கொடுங்கள், வேலை அதுதான் என்று சொல்லிக் கொடுங்கள். உரிய தொகையும் கொடுங்கள், புத்தகத்தில் நன்றியும் போடுங்கள்.

இப்போது பழைய படியை எடுங்கள். ‘அந்த ஆள்’ எல்லா இடத்திலும் திரும்பி வரட்டும். அதோடு நீங்கள் ‘வந்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘அந்த ஆள் வந்தான்’ என்றால் மகளின் கோபம் இன்னும் ஆறவில்லை. ‘அந்த ஆள் வந்தார்’ என்றால் ஆறி இறுகிவிட்டது. மலையாள வினை உங்களுக்கு உதவாது, கதையைத்தான் கேட்க வேண்டும். நான் படித்தவரை முதல் பாதியில் ‘வந்தான்’, அம்மா இறந்த பிறகு ‘வந்தார்’ என்று தோன்றுகிறது. தங்கையை மூலத்தோடு பக்கத்தில் உட்காரவைத்து இதை முடிவு செய்யுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பென்சிலோடு படிக்கிறேன்.

அன்புடன்.