தராசு காட்டும் ‘மெட்டபாலிக் வயது’ 52: பயப்பட வேண்டுமா?

“நகரில விசைத்தறி ஓட்டுறேன். வயசு 38, எடை 78 கிலோ. புது தராசு கொழுப்பு 32%, மெட்டபாலிக் வயசு 52னு காட்டுது. உடம்புல ஏதாவது கோளாறா?”

கோளாறுன்னு அர்த்தம் இல்லைங்க. சும்மா படுத்திருந்தாலே உங்க உடம்பு ஒரு நாளைக்கு எரிக்கும் கலோரியைத் தராசு கணக்குப் போட்டு, அது எந்த வயசுக்காரங்க சராசரியோட ஒத்துப்போகுதுன்னு தன் அட்டவணையில பார்க்குது. அந்த வயசுதான் 52.

அந்தக் கலோரியை அது நேரா அளக்கிறதில்லை. பாதம் வழியா லேசான மின்சாரம் விட்டு, அதுக்கு உடம்பு காட்டுற தடையை வச்சுக் கொழுப்பை ஊகிக்குது. கம்பெனிங்க சூத்திரத்தை வெளியிடுறதில்லை. பொதுவா தெரிஞ்ச ஒண்ணு இது:

370 + 21.6 × கொழுப்பு நீங்கிய எடை

உங்களுக்கு அந்த எடை 53 கிலோ, அதனால சுமார் 1515 கலோரி. கொழுப்பு 24%ன்னு காட்டியிருந்தா 59 கிலோ, சுமார் 1645. அதே ஆள், அதே எடை, ஆனா கணக்குல கலோரி கூடுறதால மெட்டபாலிக் வயசு சட்டுனு குறைஞ்சிருக்கும்.

நாள் முழுக்க நின்னு காய்ஞ்சு வெடிச்ச குதிகால் தடையைக் கூட்டும். கொழுப்பும் கூடுதலா காட்டும். முதல்ல தராசோட ஆப்ல உயரம், பிறந்த வருஷம், ஆண்/பெண் சரியான்னு பாருங்க. அப்புறம் ஒரு வாரம் காலையில சிறுநீர் கழிச்சதும், சாப்பிடாம, பாதத்தை ஈரத்துணியால துடைச்சுட்டு ஏறுங்க. வயசு இறங்கினா, முன்னாடி அளந்த விதம் காரணமா இருந்திருக்கலாம்.

இறங்கலைன்னாலும் அதை நோயா எடுத்துக்காதீங்க. இடுப்புச் சுற்றளவு, சுகர், பிரஷர் பார்த்துக்குங்க. பேஸ்மேக்கர் வச்சவங்க இந்தத் தராசுல ஏறவே கூடாது.